இரவு எட்டு மணிக்கு மேல் நெட்வொர்க் விழுந்துபோன மூன்றாம் மாடி: புதுச்சேரி வணிகக் கட்டடம் ஒன்றின் டெலிகாம் ரூம்

புதுச்சேரி நூறடி சாலையில் ஒரு தரைத்தளம், நான்கு மாடிக் கட்டடம். ஒவ்வொரு மாடியும் ஏறக்குறைய 7,500 சதுர அடி, அதாவது 700 சதுர மீட்டர். குடியேறி பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மூன்றாம் மாடியை வாடகைக்கு எடுத்திருந்த அலுவலகத்தில் 84 இருக்கைகள், இரண்டு ஷிஃப்ட். இரவு ஷிஃப்ட் ஆட்களுக்கு ஒரே புகார்: எட்டு, எட்டரைக்கு மேல் நெட்வொர்க் தானாக விழுகிறது, பத்து நிமிடம் கழித்து எழுகிறது, மறுபடி விழுகிறது. பகலில் ஒரு குறையும் இல்லை. கேபிள்களையெல்லாம் இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் இரண்டை மாற்றிப் பார்த்துவிட்டார்கள். மாற்றிய சுவிட்சும் அதே வேலையைச் செய்தது.

அதே அலுவலகம் இன்னொன்றையும் கேட்டது. ஒரு இருக்கைக்கு ஒரு நெட்வொர்க் பாயின்ட் என்று இருந்ததை இரண்டாக்க வேண்டும், வைஃபை பெட்டிகளைக் கூட்ட வேண்டும். கேபிள் இழுத்த ஒப்பந்தக்காரர் 36 கேபிள் இழுத்ததோடு நிறுத்திவிட்டு, இதற்கு மேல் பைப்பில் போகாது என்று சொல்லிவிட்டார். இந்த இரண்டு புகாரோடுதான் கட்டட உரிமையாளர் என்னைக் கூப்பிட்டார். இரண்டும் வேறு வேறு கோளாறு என்று அவர் நினைத்திருந்தார். போய்ப் பார்த்ததும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்று தெரிந்துவிட்டது. கட்டட வரைபடம் போட்ட நாளில் கேபிளுக்கும் சுவிட்சுக்கும் யாரும் கணக்குப் போடவில்லை. லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் மிஞ்சிய மூலையை டெலிகாம் ரூம் என்று எழுதிவிட்டார்கள்.

அந்த அறை 1.5 மீட்டருக்கு 1.8 மீட்டர். அதற்குள் 800 மி.மீ. அகலம், ஒரு மீட்டர் ஆழத்தில் ஒரு ரேக். ரேக்கின் பின்புறம் சுவரோடு ஒட்டியிருந்தது. கதவு உள்பக்கம் திறக்கும், அதுவும் ரேக்கின் முன்கதவில் இடிக்கும். கேபிள்கள் வந்து முடியும் பேட்ச் பேனலுக்குப் பின்னால் ஒரு கேபிளைத் தொட வேண்டுமென்றால் ரேக்கை நகர்த்த வேண்டும். நகர்த்தவும் இடமில்லை. என்னோடு வந்த பையன் உள்ளே போனதும் நான் வெளியே வரவேண்டியதாயிற்று. குளிர்ச்சிக்கு என்று இருந்தது சென்ட்ரல் ஏசி டக்ட்டிலிருந்து பிரித்துவிட்ட ஒரு சின்ன காற்றுவாய் மட்டும்தான். கட்டடத்தின் சென்ட்ரல் ஏசியை மாலை ஏழு மணிக்கு நிறுத்திவிடுவார்கள். இரவு ஷிஃப்ட் ஆட்கள் உட்காரும் கூடத்துக்கு மட்டும் தனி ஸ்பிளிட் ஏசி உண்டு.

மே மாதம் மூன்று இரவு ஒரு வெப்பமானி லாகரை ரேக்கின் மேல்பகுதியில், சுவிட்ச் காற்றை உறிஞ்சும் முன்பக்கத்தில் தொங்கவிட்டேன். ஏழு மணிக்கு 26 டிகிரி. ஏழு இருபதுக்கு 33. ஒன்பது மணிக்கு 40. நள்ளிரவில் 44-க்கு வந்து அங்கேயே நின்றது. மூன்று இரவும் ஏறக்குறைய இதே கோடுதான். இந்த வகை சுவிட்சுகளில் பலவற்றுக்கு 45 டிகிரிதான் எல்லை. அதை நெருங்கும்போது முதலில் மின்விசிறி முழு வேகத்துக்குப் போகும், அப்புறம் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். ஆறியதும் எழும். சுவிட்சின் பதிவேட்டைத் திறந்து பார்த்திருந்தால் வெப்ப எச்சரிக்கை வரிசையாக இருந்திருக்கும். மாற்றியவர்கள் அதைத் திறக்கவே இல்லை. யூபிஎஸ் பேட்டரியைப் பார்த்தேன், இரண்டு பக்கவாட்டில் உப்பியிருந்தன. ஈய அமில பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு எட்டு, பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். ஒரு வருடத்தில் உப்பியதில் வியப்பில்லை.

ஏன் 44-ல் நின்றது என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தால் மனதுக்குத் தெளிவாகும். உள்ளே மூன்று சுவிட்ச், ஃபயர்வால், ரூட்டர், கேமரா ரெக்கார்டர், கதவுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, யூபிஎஸ்ஸின் சொந்த இழப்பு எல்லாம் சேர்த்து அறைக்குள் சுமார் 700 வாட் சூடு. அறையின் சுவர், கூரை, தரை மொத்தம் 25 சதுர மீட்டர். செங்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, சுமார் 2 வாட் கடத்தும். ஆக மொத்த அறையும் டிகிரிக்கு 50 வாட்தான் வெளியே விடும்.

```
700 ÷ 50 = 14 டிகிரி
வெளியே 31 + 14 = 45 டிகிரி
```

லாகர் காட்டிய 44-க்கும் இதற்கும் ஒரு டிகிரிதான் வித்தியாசம். இதைக் காட்டியதும் உரிமையாளர் கேட்டார்: "தம்பி, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுட்டா போதாதா?" நியாயமான கேள்வி. ஆனால் ஃபேன் சூட்டை வெளியேற்றுவது காற்றைக் கொண்டுவந்துதான். உள்ளே வரும் காற்றை விட ஐந்து டிகிரிக்கு மேல் ஏறாமல் வைக்க, அடுத்து வரப்போகும் 885 வாட் சுமைக்கு நிமிடத்துக்கு 310 கன அடி காற்று வேண்டும். மே மாத இரவில் நடைபாதைக் காற்றே 32 டிகிரி. அப்போதும் அறை 37. நேர் வெளிக்காற்றை இழுத்தால் கடற்கரை உப்பும் ஈரமும் கூடவே வந்து, சுவிட்சின் கனெக்டரில் உட்காரும். ஆகவே ஃபேனை அன்றாட ஏற்பாடாக வைக்காமல், ஏசி பழுதானால் மட்டும் 32 டிகிரியில் தானாக ஓடும் அவசரக் கதவாக வைத்துக்கொள்ளலாம் என்றேன். காற்றையும் நடைபாதையிலிருந்தே எடுக்கும்படி சொன்னேன்.

இனி கேபிள் பக்கம். அறையிலிருந்து கூடத்துக்குப் போகும் கேபிள் ட்ரே 300 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம். ஆனால் அறைக்கு வெளியே இரண்டு மீட்டரில் ஒரு காங்கிரீட் உத்தரம் குறுக்கே வருகிறது. அதற்குள் வார்க்கும்போதே இரண்டு 75 மி.மீ. பிவிசி பைப் விட்டிருந்தார்கள். எல்லா கேபிளும் அந்த இரண்டு பைப்புக்குள்தான் நுழைய வேண்டும். வழியில் எங்கே இடம் மிகக் குறைவோ அதுதான் மொத்த வழியின் கொள்ளளவு. வரைபடத்தில் ட்ரேயின் அளவு மட்டும் எழுதியிருந்தது.

பைப்பின் உள்விட்டத்தை வெர்னியரால் அளந்தேன், 70 மி.மீ. கேட் 6 கேபிளின் வெளிவிட்டம் 6.2 மி.மீ., அதன் குறுக்குப் பரப்பு 30.2 சதுர மி.மீ. ஒரு பைப்பில் இரண்டுக்கு மேல் கேபிள் போனால் பரப்பில் 40 சதவீதம் வரைதான் நிரப்பலாம் என்பது வழக்கம்.

```
70 மி.மீ. பைப்பின் பரப்பு = 3848 ச.மி.மீ.
3848 × 0.40 ÷ 30.2 = 51 கேபிள்
இரண்டு பைப்புக்கு = 102
```

முதலில் போட்டது 96 கேபிள். சரியாக விளிம்பில் நின்றிருக்கிறது. ஒப்பந்தக்காரர் சோப்புத் தண்ணீர் விட்டு மேலும் 36 இழுத்ததும் 132 ஆகி, பைப்பின் நிரப்பு 52 சதவீதத்துக்கு ஏறிவிட்டது. பாதிதானே நிரம்பியிருக்கிறது என்று தோன்றும். உருண்டைக் கேபிள்களுக்கு நடுவே காற்றிடைவெளி தங்கிவிடும். ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே விழுந்து பின்னிக்கொள்ளும். கணக்கில் 50 சதவீதம் என்றாலே கண்ணுக்கு முழுசாக அடைத்த மாதிரி இருக்கும். அதற்குள் இன்னொரு கேபிளை இழுக்க இரண்டு பேர் தொங்க வேண்டியிருக்கும். நான்கு ஜோடிக் கேபிளுக்கு இழுவை எல்லை 110 நியூட்டன், ஏறக்குறைய 11 கிலோ. இரண்டு பேர் தொங்கினால் அது எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த 36-ஐயும் டெஸ்டரில் போட்டோம். 9 கேபிள் ஃபெயில், பெரும்பாலும் ஜோடிகளுக்கிடையேயான கசிவிலும் திரும்பும் அலையிலும். ஒன்றை வெளியே எடுத்துப் பார்த்தேன். பைப் வாயின் ஓரத்தில் உரசிய இடத்தில் மேலுறை வெள்ளைக்கோடாக இழுபட்டு, உள்ளே ஜோடிகளின் முறுக்கு நெகிழ்ந்திருந்தது. விரலால் தடவினாலே அந்த இடம் மெலிந்திருப்பது தெரிந்தது. சாதாரண விளக்கு டெஸ்டரில் இந்தக் கேபிள் எட்டுக் கம்பியும் பச்சை காட்டும். வேகம் மட்டும் இறங்கியிருக்கும். அதனால்தான் கம்பித் தொடர்ச்சி மட்டும் பார்த்து ஒப்படைப்பதை நான் ஏற்பதில்லை.

சரி, உண்மையில் எத்தனை கேபிள் தேவை? இருக்கைக்கு இரண்டாக 168. வைஃபை பெட்டி 12, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேபிள், 24. கேமரா 16, கதவு 4. மொத்தம் 212. இதில் வைஃபைக்கு மட்டும் கேட் 6ஏ போடச் சொன்னேன். அந்தப் பெட்டிகள் பத்து வருடத்தில் இரண்டு தலைமுறை மாறும், கேபிள் மாறாது. கேட் 6ஏ தடிமன் 7.6 மி.மீ., பரப்பு 45.4.

```
188 × 30.2 + 24 × 45.4 = 6767 ச.மி.மீ.
25% வளர்ச்சியோடு        = 8459
8459 ÷ 0.40              = 21,148 ச.மி.மீ. ட்ரே
```

இருந்த 300-க்கு 50 ட்ரேயின் பரப்பு 15,000 மட்டுமே, 40 சதவீதத்தில் அது 198 கேட் 6 கேபிளைத்தான் தாங்கும். 22,500 பரப்புக்கு இரண்டு வழி: 300-க்கு 75, அல்லது 450-க்கு 50. பரப்பு ஒன்றுதான், நான் அகலமானதை எடுத்தேன். கேபிள் வழியே கரன்ட் போகும் இந்தக் காலத்தில், அடுக்கு உயர உயர நடுவில் இருக்கும் கேபிளின் சூடு வெளியேற வழியில்லை. பரந்து கிடந்தால் ஆறும். அதே காரணத்தால் கட்டுகளை 24 கேபிளுக்கு மேல் போகவிடவில்லை. கட்டுக்கு பிளாஸ்டிக் டை போட்டு இறுக்காமல் வெல்க்ரோ பட்டை போட்டோம்.

உத்தரத்தில் புதிதாகத் துளை போடலாமா என்று ஒப்பந்தக்காரர் கேட்டார். கட்டட அமைப்புப் பொறியாளரின் எழுத்து இல்லாமல் உத்தரத்தைத் தொடக்கூடாது, அவர் கொடுக்கவும் இல்லை. அதனால் உத்தரத்துக்கு அடியில் போனோம். உத்தரத்தின் அடிக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் இடையே 110 மி.மீ. இருந்தது. ட்ரேயின் 50, தாங்கியின் 25 போக மிஞ்சுவது 35 மட்டுமே. கை நுழைய இடமில்லை. பொதுவாக ட்ரேக்கு மேல் 300 மி.மீ. காலியாக விட வேண்டும். ஆகவே அந்த ஒரு கட்டத்தில் மட்டும் சீலிங்கை 150 மி.மீ. இறக்கி, கம்பிவலை ட்ரேயை மெல்லிய சரிவில் இறக்கி ஏற்றினோம். உத்தரத்தின் அகலமான 230 மி.மீ. தூரத்துக்கு மட்டும் மேலே நெருக்கம் இருக்கும், அதை ஏற்றுக்கொள்ளலாம். சரிவில் கேபிள் மடிப்பு அதன் தடிமனில் நான்கு மடங்குக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டோம். பழைய இரண்டு பைப்பிலிருந்த 132-ல் சேதமான 9-ஐ வெட்டி எடுத்தோம். மீதியைப் பைப்பிலேயே விட்டால் 48 என்று நிரப்பு சதவீதம் இன்னும் எல்லைக்கு மேல்தான் நிற்கும். ஆகவே அந்த இரண்டாம் தொகுதியின் மீதி 27-ஐயும் புது ட்ரேயில் மாற்றிப் போட்டோம். பைப்பில் இருப்பது முதலில் போட்ட 96 மட்டும். சுவரைத் தாண்டும் இடங்களில் தீத்தடுப்பு நிரப்பியும் வைத்தோம், பின்னால் சேர்க்க வசதியாகத் தலையணை வகை.

அடுத்தது அறையின் அளவு, இதில்தான் வாக்குவாதம். டெலிகாம் அறைகளுக்கான டிஐஏ-569 தரம், அதன் பழைய பதிப்பு ஒன்றின் அட்டவணைப்படி, 500 சதுர மீட்டர் தளத்துக்கு 3 மீட்டருக்கு 2.2-ம், 800-க்கு 3-க்கு 2.8-ம் அறை கேட்கிறது. நம் தளம் 700. 2.8 கேட்டேன், 2.4 தான் கிடைத்தது. பக்கத்து பேன்ட்ரியில் ஒரு பகுதியை எடுத்தும் அவ்வளவுதான். "ஐயா, ஒரு ரேக் நிக்கிற இடத்துக்கு இது போதும். ஆனா ஆள் நிக்கணுமே" என்று சாக்பீஸால் தரையில் வரைந்து காட்டினேன். மூன்று மீட்டர் நீளத்தில் பின்புறம் 0.8, ரேக் 1.0, முன்புறம் 1.2. 2.4 மீட்டர் அகலத்தில் இரண்டு ரேக் 1.6, பக்க வழி 0.8. இப்போது ஒரு ரேக்தான், அடுத்ததற்கான இடம் காலியாக இருக்கிறது. கோட்டுக்குள் அவரே போய் நின்று, திரும்பிப் பார்த்து, சரி என்றார். கதவு 900 மி.மீ. அகலம், வெளியே திறக்கும்.

பழைய அறை 2.7 சதுர மீட்டர், புதியது 7.2. வாடகை போகும் 48 சதுர அடி அவருக்கு உறுத்தியது உண்மைதான். ஆனால் அதே 48 சதுர அடி இல்லாமல்தான் பதினான்கு மாதத்தில் இரண்டு சுவிட்சும் ஒரு யூபிஎஸ் பேட்டரித் தொகுதியும் போயின.

இனி குளிர்ச்சி. புதுச் சுமையை எழுதினோம். ஐந்து சுவிட்ச், ஒவ்வொன்றும் தனக்காக 85 வாட், 425. ஃபயர்வால் ரூட்டர் 150, ரெக்கார்டர் 120, கதவுப் பெட்டி 30, யூபிஎஸ் இழப்பு 120. கேபிள் வழியாகக் கேமராவுக்கும் வைஃபைக்கும் போகும் 340 வாட்டைச் சேர்க்கக்கூடாது, அந்தச் சூடு கூடத்தில்தான் வெளியேறும். அதை அனுப்பும்போது பவர் சப்ளையில் ஏற்படும் இழப்பு 40 வாட் மட்டும் நம்முடையது. ஆக 885. இந்த 340-ஐயும் சேர்த்துப் பெரிதாக்கிய கணக்குகள் பல பார்த்திருக்கிறேன். அறை ஏசி பெரிதாகிப்போய், சில நிமிடத்தில் குளிர்ந்து நின்று, ஈரத்தை இழுக்காமலேயே விட்டுவிடும். மேற்குச் சுவரும் மற்றச் சுவர்களும் 350, ஆளும் விளக்கும் 95. கூட்டினால் 1,330. எதிர்காலத்துக்கு உபகரணத்தில் 30 சதவீதம், 265. மொத்தம் சுமார் 1.6 கிலோவாட்.

ஒரு டன் என்பது 3.5 கிலோவாட். ஆனால் சாதாரண ஸ்பிளிட் ஏசி அதில் சுமார் எழுபது சதவீதம்தான் வெப்பநிலையைக் குறைக்கச் செலவிடும், மீதி ஈரத்தை உறிஞ்சுவதில் போகும். 2.46. வெளியே 40 டிகிரி வெயில், உப்பு படிந்த கண்டென்சர் என்று இன்னும் பத்து சதவீதம் தள்ளினால் 2.2. ஆகவே ஒரு டன் ஒன்று போதும், ஒன்று ஓடும்போது மற்றது ஓய்வு என்று இரண்டு வைத்தோம். மாற்றி ஓட்டும் டைமரோடு. இரண்டும் ஜெனரேட்டர் லைனில், மின்சாரம் வந்ததும் தானாக எழும்படி. யூபிஎஸ்ஸில் ஏசியை மாட்டவில்லை. உள்யூனிட் ரேக்குக்கு நேர் மேலே இல்லை, பக்கவழியின் மேல். வடிகால் பைப் ஒரு நாள் அடைக்கும், அன்று தண்ணீர் எங்கே விழும் என்பதைத்தான் இடம் குறிக்கும்போது பார்க்க வேண்டும்.

முதல் வாரம் காவலாளி ரிமோட்டில் 17 டிகிரி வைத்துவிட்டார். நல்லெண்ணத்தில்தான். ஆனால் புதுவையில் கோடைக் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 25 டிகிரியை ஒட்டி இருக்கும். 17-ல் குளிர்ந்த பேட்ச் பேனலும் ரேக் சட்டமும் கதவு திறந்த நொடியில் வியர்த்தன. ஓடும் சுவிட்ச் சூடாக இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது, இரும்புச் சட்டத்தில்தான் துளி கோர்த்தது. 24-க்கு மாற்றி ரிமோட்டைப் பூட்டி வைத்தோம். பரிந்துரைக்கப்பட்ட 18 முதல் 27 வரம்புக்குள் அதுதான் இந்த ஊருக்குப் பொருந்தும்.

ஃபைபர் நுழைவு இடத்தையும் மாற்றினோம். தரைக்குக் கீழே வாகனம் நிறுத்தும் தளத்தில் இருந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த இரவில் இந்தத் தெருவில் பல அடித்தளங்கள் நிரம்பின, இக்கட்டடத்தின் நுழைவுப் பெட்டியும் ஓரடி வித்தியாசத்தில்தான் தப்பியது. நுழைவுப் பைப்பை வெளிநோக்கிச் சரித்து, பெட்டியை முதல் மாடிக்குக் கொண்டுபோனோம்.

வேலை முடிந்து, ஜூன் மாதம் பத்து இரவு லாகர் தொங்கியது. உச்சம் 26. ஒரு ஏசியை வேண்டுமென்றே நிறுத்தினோம், டைமர் மற்றதை எழுப்ப 28 வரை போய் இறங்கியது. இரண்டையும் நிறுத்தினால் 885 வாட்டுக்கு அறை 41 வரை போகும் என்று கணக்கு சொல்கிறது, பழைய அறையைவிட சுவர்ப் பரப்பு ஏறக்குறைய இருமடங்காக இருப்பதால். எக்ஸாஸ்ட் ஃபேன் இருப்பதால் அதற்கு முன்பே நிற்கும். 212 கேபிளும் டெஸ்டரில் பாஸ், மிக நீளமானது 71 மீட்டர்.

நான்காம் மாடிதான் அடுத்து. மொட்டைமாடி ஸ்லாபுக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் இடைவெளியில் பகல் மூன்று மணிக்கு 41 டிகிரி பதிவாகியிருக்கிறது. கேபிளின் 90 மீட்டர் எல்லை 20 டிகிரிக்கானது, 40 டிகிரியில் கவசமில்லாத கேபிளுக்கு 84 மீட்டர் ஆகிவிடும். அங்கே கடைசி அறையின் பாயின்ட்டுக்கு வரைபடத்தில் 82 என்று எழுதியிருக்கிறார்கள். அளந்துவிட்டுத்தான் கேபிள் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.